சுவரில் மாட்டும் முகம்: அஞ்சலிப் படம் வந்த வழி



போன வருடம் ஐப்பசியில் நம் குடியிருப்பில் ஒரு பெரியவர் காலமானார். வயது 81. காலையில் பால் வாங்கக் கீழே வருவார், செக்யூரிட்டி அறை வாசலில் உட்கார்ந்து அங்கிருப்பவர்களுக்குச் செய்தித்தாளை உரக்கப் படித்துக் காட்டுவார். அதனால் வேலைக்கு வருபவர்கள் எல்லாருக்கும் அவர் ‘பேப்பர் தாத்தா’. இறந்த அன்று உறவினர் ஒருவர் அவசரமாக நோட்டீஸ் அடித்து எல்லா லிஃப்டிலும் ஒட்டினார். அதில் இருந்தது சுருட்டை முடியும் நீண்ட கிருதாவும் அகலக் காலர் சட்டையுமாக முப்பத்தைந்து வயது இளைஞர் ஒருவரின் படம். கீழே இனிஷியலோடு முழுப்பெயர். அந்தப் பெயர் எங்களில் பலருக்கே தெரியாது.

இஸ்திரி போடும் அம்மா அந்த நோட்டீசை இரண்டு நாள் பார்த்துக்கொண்டே லிஃப்டில் போய் வந்திருக்கிறார். பேப்பர் தாத்தாதான் அது என்று மூன்றாம் நாள் தெரிந்தபோது என்னிடம் வந்து, “யாரோ சின்ன வயசுக்காரர்னு நெனச்சேன் சார். கடைசியா ஒரு தடவை முகத்தைப் பார்த்திருப்பேனே” என்று அழுதார். தகனம் முதல் நாளே முடிந்துவிட்டது. அந்த நோட்டீசின் வேலை ஒன்றுதான், இன்னார் போய்விட்டார் என்று தெரிவிப்பது. அதை அந்தப் படம் செய்யவில்லை.

உறவினர் மேல் தவறு சொல்ல மாட்டேன். வீட்டுச் சுவரில் பெரிதாக, தெளிவாக இருந்த ஒரே படத்தைத்தான் அவர் எடுத்துக் கொடுத்தார். நம் வீடுகளில் இளவயதுப் படங்கள் மட்டும் பெரிதாகவும் முதுமைப் படங்கள் தபால்தலை அளவிலும் இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் எந்தப் படத்தை எடுப்பது என்பதும் விளங்கும்.

ஆயுளில் ஒரே ஒரு படம்

புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல். அடுத்த சில ஆண்டுகளிலேயே அது இந்தியாவுக்கு வந்துவிட்டது. சென்னையில் 1856-இல் புகைப்படச் சங்கமே தொடங்கினார்கள். 1858-இல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி மதுரையையும் தஞ்சாவூரையும் எடுத்த படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. ஆனால் அவர் எடுத்தது பெரும்பாலும் கோயில்களையும் கட்டடங்களையும். கட்டடம் அசையாது என்பது அந்தக் காலக் கேமராவுக்குப் பெரிய வசதி. மனிதரை எடுக்க வேண்டுமென்றால் பல விநாடிகள் ஆடாமல் உட்கார வேண்டும். பழைய படங்களில் யாரும் சிரிப்பதில்லையே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

1880-களுக்குப் பிறகு, முன்கூட்டியே தயாரித்து விற்கப்பட்ட உலர் கண்ணாடித் தகடுகள் வந்ததும் வேலை எளிதாயிற்று. சிறு நகரங்களிலும் ஸ்டூடியோக்கள் முளைத்தன. மின்சாரம் இல்லாததால் கூரையில் கண்ணாடி பதித்துச் சூரிய வெளிச்சத்தில் எடுத்தார்கள். அப்போதும் படம் எடுப்பது செலவான காரியம். கல்யாணத்துக்கு ஒன்று, சஷ்டியப்த பூர்த்திக்கு ஒன்று எடுத்தாலே அதிகம். படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்ற பயமும் இருந்தது. ஆகவே பலர் ஒரு படம்கூட எடுக்காமலே வாழ்ந்து முடித்தார்கள்.

அப்படிப் போனவருக்கு இறந்த பிறகுதான் முதல் படம். ஸ்டூடியோக்காரரை வீட்டுக்கு அழைத்து, உடலை நாற்காலியில் உட்கார வைத்து, மாலை போட்டு, பிள்ளைகளும் மருமகள்களும் சுற்றி நின்று எடுத்துக்கொண்டார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதே வழக்கம் இருந்தது, குறிப்பாக இறந்த குழந்தைகளுக்கு. நம் ஊர்ப் பக்கம் இது இன்னும் நெடுநாள் நீடித்தது. உங்கள் பூர்வீக வீட்டுப் பரணில் தேடினால் இப்படி ஒரு படம் கிடைக்கலாம். சிலவற்றில் மூடிய கண்களின் மேல் ஸ்டூடியோக்காரர் தூரிகையால் திறந்த கண்களை வரைந்திருப்பார். பார்வை எங்கோ விலகி நிற்பதை வைத்து அதைக் கண்டுபிடிக்கலாம். எங்கள் பாட்டனார் படம் அப்படிப்பட்டதுதான். சின்ன வயதில் அந்த அறைக்குள் தனியாகப் போகப் பயப்படுவேன்.

இந்த அனுபவத்திலிருந்துதான் “உயிரோடு இருக்கும்போதே ஒரு நல்ல படம் எடுத்து வைத்துவிட வேண்டும்” என்ற எண்ணம் குடும்பங்களுக்கு வந்தது. கையில் வசதி இருந்த வயதில், நல்ல உடை உடுத்தி, ஸ்டூடியோவில் பெரிதாக எடுத்துச் சட்டம் போட்டார்கள். அந்தப் படமே கடைசி வரை நின்றது. எண்பதில் இறந்தவருக்கும் முப்பத்தைந்தின் படத்தையே மாட்டுவது இப்படித்தான் பழக்கமாயிற்று. கூட்டுக்குடும்பமும் ஒரே தெருவும் இருந்த காலத்தில் அதனால் குழப்பம் வரவில்லை. பார்ப்பவர் எல்லாரும் அவரை இளவயதிலிருந்தே அறிந்தவர்கள். நம்மைப் போன்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் அப்படியில்லை. இங்கே நம்மை அறிந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் நம் தலை நரைத்த பிறகு வந்தவர்கள்.

அலுவலகம் எடுக்க வைத்த படம்

முதுமையில் எடுத்த படங்கள் எப்படிச் சேர்ந்தன என்பதை நான் வேலை பார்த்த இடத்திலிருந்தே சொல்ல முடியும். அரசு ஓய்வூதியம் வாங்குபவர்கள் மனைவியோடு சேர்ந்து எடுத்த படம் ஒன்றைக் கொடுக்க வேண்டும். அது ஓய்வூதிய ஆணைப் புத்தகத்தில் ஒட்டப்பட்டிருக்கும். 1993-இல் தேர்தல் ஆணையம் வாக்காளர் புகைப்பட அட்டையைக் கொண்டுவந்தது. 1994 ஜனவரி முதல் புதுக் கணக்கு தொடங்குபவர்களிடம் படம் வாங்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எங்களுக்கு உத்தரவிட்டது. அதுவரை கேமரா முன்னால் நின்றே இராத எத்தனையோ பாட்டிமார்கள் அந்த வருடங்களில்தான் முதல்முறையாகத் தனியாக உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள்.

அதன் விளைவை நாங்கள் கவுன்டரில் பார்த்தோம். கணக்கு வைத்திருந்தவர் இறந்த பத்தாவது நாள், பணம் பற்றிக் கேட்பதற்கு முன்பே, “அம்மா போட்டோ உங்க ஃபாரத்துல இருக்குமே சார், அதைத் தர முடியுமா?” என்று கேட்டு வந்தவர்கள் உண்டு. ஆவணத்திலிருந்து படத்தைப் பிய்த்துக் கொடுக்க முடியாது. மேலாளர் இரக்கப்பட்டு, எங்கள் முன்னிலையில் ஸ்டூடியோக்காரர் அதைக் கேமராவில் எடுத்துக்கொள்ள ஒருமுறை அனுமதித்தார். அதன் மேல் பாதியில் எங்கள் முத்திரை விழுந்திருந்தது. அந்த முத்திரையோடுதான் அந்த அம்மாள் சுவருக்குப் போனார்.

எங்கள் வீட்டிலும் இதேதான் நடந்தது. அப்பா 1981-இல் காலமானார். அதற்குப் பிறகு அம்மா எந்த விசேஷத்திலும் கேமரா முன் வரமாட்டார். “எனக்கு எதுக்குப் படம்” என்று சமையலறைக்குப் போய்விடுவார். 1994-இல் கணக்குத் தொடங்குவதற்காக நான்தான் வற்புறுத்தி ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க வைத்தேன். 1998-இல் அம்மா போனபோது எங்களிடம் இருந்தவை இரண்டே படங்கள். ஒன்று அப்பாவோடு எடுத்தது, நாற்பது வயது, நெற்றியில் பெரிய குங்குமம். மற்றொன்று இந்தச் சின்னப் படம், வெறும் நெற்றி. அண்ணன் முதல் படத்தைத்தான் வைக்க வேண்டும் என்றார், தங்கை கூடாது என்றாள். ஸ்டூடியோக்காரர் இரண்டாவது படத்தில் பொட்டு வரைந்து தருவதாகச் சொன்னார்.

கடைசியில் முடிவு செய்தது சித்தி. “பதினேழு வருஷம் அவ எப்படி இருந்தாளோ, அப்படியே இருக்கட்டும். அவளே வெச்சுக்காத பொட்டை நீங்க யாரு வைக்கிறதுக்கு?” என்றார். சின்னப் படத்தையே பெரிதாக்கினோம். இன்று பல குடும்பங்களில் கணவர் போன பிறகும் பெண்கள் பொட்டு வைத்துக்கொள்கிறார்கள், அது அவர்கள் எடுத்த முடிவு. அதையும் அப்படியே மதித்துப் படத்தில் விட்டுவிட வேண்டும் என்பதே சித்தி சொன்னதன் பொருள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அவர் தன் கடைசி வருடங்களில் எப்படி இருந்தாரோ அதுதான் அளவு. பொட்டுக்கு மட்டுமல்ல, தாடி, தலைப்பாகை, கண்ணாடி, நகை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

சின்னப் படம் ஏன் பெரிதாவதில்லை

ஆனால் அம்மாவின் படத்தைப் பெரிதாக்கியபோது முகம் பஞ்சு ஒட்டியதுபோல் ஆகிவிட்டது. காரணத்தைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். பாஸ்போர்ட் சைஸ் என்பது மூன்றரை சென்டிமீட்டர் அகலம். பத்து அங்குல அகலத்துக்குக் கொண்டுபோனால் ஏழு மடங்குக்கு மேல் பெரிதாகிறது. காகிதத்தில் அச்சான படத்தில் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 300 புள்ளி அளவுக்குத்தான் நுணுக்கம் இருக்கும். அப்படியானால் அந்தச் சின்னப் படத்தின் முழு அகலத்திலும் இருப்பது சுமார் 400 புள்ளி. அதைப் பத்து அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 40. கண் இமை ஒரு கறையாகிவிடும். ஸ்கேனரில் எவ்வளவு உயர்த்தி வைத்தாலும் இல்லாததை அது கொண்டுவராது. நெகட்டிவ் இருந்திருந்தால் கதை வேறு, அதில் நுணுக்கம் பல மடங்கு. நான் ஸ்டூடியோவுக்குப் போய்க் கேட்டபோது பழைய நெகட்டிவ்களையெல்லாம் கழித்துவிட்டதாகச் சொன்னார்கள்.

சட்டம் போட்டு மாட்டும் படத்துக்கு அங்குலத்துக்கு 150 புள்ளியாவது வேண்டும் என்பது நான் கேட்டுத் தெரிந்துகொண்ட கணக்கு. 10 அங்குல அகலத்துக்கு 1,500. இதை நினைவில் வைத்துக்கொண்டு பேப்பர் தாத்தா வீட்டுக்குத் திரும்புவோம்.

மூன்று படங்கள், ஒரு தேர்வு

பத்தாம் நாள் கூட்டத்துக்கு நம் சமூகக்கூடத்தில் வைக்க வேறு படம் வேண்டும் என்று அவர் மகனே கேட்டார். நான்கு பேர் உட்கார்ந்து பார்த்தோம். கையில் மூன்று படங்கள் கிடைத்தன.

முதலாவது, வங்கிக்குக் கொடுத்த பாஸ்போர்ட் சைஸ். அதன் கதையைத்தான் மேலே சொல்லிவிட்டேன். இன்னொரு குறையும் அதற்கு உண்டு. அதில் முகம் சட்டம் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும். படத்துக்கு மாலை போடும்போது அது மேலிருந்து இரண்டு பக்கமும் இறங்கும். தலைக்கு மேலும் தோளுக்கு வெளியிலும் இடம் இல்லையென்றால் பூ காதையும் கன்னத்தையும் மறைத்துவிடும்.

இரண்டாவது, பேத்தி கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ. பட்டு வேஷ்டி, நல்ல சிரிப்பு, எல்லாருக்கும் பிடித்திருந்தது. ஆனால் அது வாட்ஸ்அப்பில் வந்தது. வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும்போது படத்தைச் சுருக்கிவிடுகிறது. இந்தப் படத்தின் அகலம் 1,600 புள்ளி, வரிசையில் பன்னிரண்டு பேர். ஆளுக்கு 133 புள்ளி. கல்யாண ஃபோட்டோகிராஃபரிடம் மூலப்படத்தைக் கேட்டு வாங்கினோம், அது 6,000 புள்ளி அகலம். அதிலும் ஆளுக்கு 500-தான் தேறியது. கைப்பிடி அளவு அட்டைக்கு அது போதும், சுவருக்குப் போதாது. தோளில் பக்கத்தில் இருப்பவரின் கை வேறு தெரிந்தது. அதை வெட்டினால் தோளும் போய்விடும்.

மூன்றாவது, பேரன் இரண்டு வருடத்துக்கு முன் பால்கனியில் எடுத்தது. வெள்ளை அரைக்கைச் சட்டை, வழக்கமான மூக்குக்கண்ணாடி, மடியில் செய்தித்தாள், பேரன் கூப்பிட்டதும் நிமிர்ந்து பார்த்த பார்வை. பின்னால் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அதற்காகவே வேண்டாம் என்று முதலில் ஒதுக்கிவிட்டார்கள். படம் பேரனின் போனிலேயே அப்படியே இருந்தது, 3,000-க்கு 4,000 புள்ளி. தலையிலிருந்து மார்பு வரை, இரண்டு பக்கமும் இடம் விட்டு வெட்டியபோது அகலம் 1,800 வந்தது. பத்து அங்குலத்துக்கு அங்குலத்துக்கு 180. உயரம் 2,160, ஆகவே 10-க்கு 12 சட்டத்துக்குச் சரியாகப் பொருந்தியது.

பேரன் அதை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பினான். அப்படி அனுப்பினால் சுருங்காது. ஸ்டூடியோவில் நாங்கள் கேட்டது இரண்டே வேலை. கொடித் துணியை எடுத்துவிட்டு வெளிர் சாம்பல் பின்னணி வைக்க வேண்டும், கண்ணாடியில் விழுந்த ஒரு வெளிச்சப் புள்ளியைக் குறைக்க வேண்டும். சுருக்கங்களை அழிக்கட்டுமா, கோட்டு போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றோம். பழைய ஸ்டூடியோக்களிலும் நெகட்டிவ் மேல் பென்சிலால் சுருக்கத்தை மறைப்பது உண்டு, இல்லாத சங்கிலியை வரைவதும் உண்டு. அப்படிச் செய்த படத்தை வீட்டார் ஏற்றுக்கொள்வார்கள். அவரைத் தினமும் பார்த்தவர்கள் ஒரு நொடி தயங்குவார்கள். தயங்கினாலே படம் தோற்றது.

ஒரு கேள்வி வந்தது. மூன்று மாதத்துக்கு முன் மருத்துவமனையில் எடுத்த படம் இன்னும் புதியதாயிற்றே என்று. அதில் அவர் பாதியாக இளைத்திருந்தார். அண்மைக்காலப் படம் என்றால் கடைசிப் படம் என்று பொருளில்லை. நோய் முகத்தை மாற்றுவதற்கு முன், அவர் நடமாடிக்கொண்டிருந்த கடைசி மூன்று நான்கு வருடத்தில் எடுத்தது என்று கொள்வதே சரி.

செய்தித்தாளுக்கு வேறு கணக்கு

இதே படத்தை முதலாண்டு நினைவஞ்சலிக்குச் செய்தித்தாளில் போட்டார்கள். அங்கே அளவு தொல்லை கிடையாது, ஏனென்றால் படம் மூன்று நான்கு சென்டிமீட்டர்தான். தொல்லை மையில். செய்தித்தாளில் படம் என்பது சின்னச் சின்னப் புள்ளிகளின் கூட்டம். முன்பு துத்தநாகத் தகட்டில் அமிலம் அரித்து ‘பிளாக்’ செய்தார்கள், இன்று கணினி செய்கிறது. அந்த மட்டக் காகிதத்தில் மை ஊறிப் பரவுவது அன்றும் இன்றும் ஒன்றுதான். பரவும்போது கருமையான இடங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து அடைத்துக்கொள்ளும். மாநிற முகம், பின்னால் கருநீலத் திரை, ஒரு பக்கம் நிழல் என்றால் அச்சில் கண்ணே இருக்காது. ஆகவே அங்கே வெளிர் பின்னணியும் முகம் முழுவதும் சீரான வெளிச்சமும் வேண்டும், முகத்தைக் கொஞ்சம் கூடுதலாக நெருக்கி வெட்டவும் வேண்டும்.

போன வருடத்து விளம்பரத்தைக் கத்தரித்துக் கொடுத்து “இதே படம்” என்று சொல்பவர்களை நிறையப் பார்க்கலாம். புள்ளிகளாக அச்சானதை மறுபடி புள்ளிகளாக்கும்போது முகத்தின் மேல் கொசுவலை போர்த்தியதுபோல் கோடுகள் விழும். வருடம் ஏற ஏற முகம் மறைந்துகொண்டே போகும். மூலப்படத்தைத்தான் ஒவ்வொரு முறையும் கொடுக்க வேண்டும்.

எந்த அச்சுக்கும் போகும் முன் சரிபார்க்க வேண்டியவை இரண்டு. சட்டத்துக்குப் பொருத்துவதற்காகப் படத்தைப் பக்கவாட்டில் இழுத்துவிடுவார்கள், முகம் வீங்கியதுபோல் ஆகிவிடும். பொட்டையோ சட்டைப் பொத்தானையோ பாருங்கள். வட்டம் நீள்வட்டமாகத் தெரிந்தால் இழுத்திருக்கிறார்கள். மற்றது, செல்ஃபி எடுத்த படம் சில போன்களில் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருக்கும். சட்டைப்பை வலது மார்பில் இருந்தாலோ புடவைத் தலைப்பு வழக்கமான தோளில் இல்லாவிட்டாலோ திருப்பிவிடச் சொல்லுங்கள்.

பத்தாம் நாள் கூட்டத்துக்கு இஸ்திரி அம்மா வந்திருந்தார். படத்துக்கு முன்னால் நின்று, “இப்பத்தான் தாத்தா மாதிரி இருக்காரு” என்றார். மடியில் இருந்த செய்தித்தாளின் ஒரு முனை படத்தின் அடியில் கொஞ்சம் தெரிந்தது. அதை வெட்ட வேண்டாம் என்று மகன் சொன்னது நல்லதாயிற்று.

இதை எழுதும் சாக்கில் என் விஷயத்தையும் முடித்துவிட்டேன். போன பொங்கலன்று வராண்டாவில் மகள் எடுத்த படம் ஒன்றை வீட்டம்மாவும் நானும் ஒத்துக்கொண்டோம். ஓய்வூதியப் புத்தகமும் வைப்பு ரசீதுகளும் இருக்கும் அதே கோப்பில், அந்தப் படத்தின் ஒரு பிரதியும் மூலக்கோப்பு உள்ள பென்டிரைவும் இருக்கின்றன. உறையின் மேல் எடுத்த தேதியை எழுதியிருக்கிறேன். மூன்று வருடம் கழித்து மாற்ற வேண்டும் என்பது வீட்டம்மாவின் உத்தரவு. அவருடைய படம் இன்னும் முடிவாகவில்லை. நான்கு எடுத்தோம், நான்கும் அவருக்குப் பிடிக்கவில்லை.

— ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர், ‘சி’ பிளாக்